மகேஸ்வரியின் ‘க’ எங்கே மாறியது? கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழும் ஒத்துப்போகாதபோது

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நீண்ட காலம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். போன வருடம் ஒரு மாலை, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தகப்பனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவளுடைய பத்திரங்கள் எல்லாம் இருந்தன. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் கடைசியாக வந்த மின்னஞ்சல் வேறு கதை சொன்னது. கடவுச்சீட்டில் உள்ள பெயரும் சாதாரண தரச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றல்ல, இருவரும் ஒரே ஆள்தான் என்று ஆறு வாரத்துக்குள் காட்டாவிட்டால் இடம் ரத்து.

பிள்ளையின் உண்மையான பெயரை எழுதப் போவதில்லை. அதே சிக்கல் வரக்கூடிய இன்னொரு பெயரை வைத்துச் சொல்கிறேன். அவள் மகேஸ்வரி, தகப்பன் இராமையா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் RAMAIAH MAHESHWARI என்று இருந்தது. சாதாரண தர, உயர் தரச் சான்றிதழ்கள் இரண்டிலும் RAMAIYA MAGESWARY என்று இருந்தது.

சான்றிதழைக் கையில் எடுத்ததும் எனக்கு முகம் மாறிவிட்டது. 2018 இல் அந்த விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான்.

“மாஸ்டர் எழுதினதுதானே சரி? பாஸ்போட்டத்தான் திருத்தணும்?” என்று தகப்பன் கேட்டார். அவர் மரியாதைக்குச் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவு லேசானதல்ல. எந்தப் பத்திரத்தைத் திருத்துவது என்று முடிவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அதில் பிழைத்தால், ஒரு பொருத்தமின்மையைச் சரிசெய்யப் போய் மூன்றை உண்டாக்கிவிடுவோம்.

முதலில் மேசையில் பத்திரங்களை வருட வரிசையில் பரப்பினோம். பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சேர்வு இடாப்பின் பிரதி, அடையாள அட்டை, சாதாரண தரம், உயர் தரம், பாடசாலை விடுகைப் பத்திரம், கடவுச்சீட்டு. ஒரு கொப்பித் தாளில் ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை, அது எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். எழுத்து எந்த இடத்தில் பிரிகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிரிந்த இடம் உடனே தெரிந்தது. சப்ரகமுவ மாகாணத்தில் நிர்வாக மொழி சிங்களம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் ஆஸ்பத்திரியில் பிறக்கும் தோட்டப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. தாய் பெயரைச் சொல்வார், எழுதுபவர் காதில் விழுந்ததை எழுதுவார். தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து மூன்று ஓசை உண்டு. சிங்களத்தில் அந்த மூன்றுக்கும் தனித்தனி எழுத்து. நம்முடைய ஆட்கள் ‘மகேஸ்வரி’ என்று சொல்லும்போது நடுவில் உள்ள ‘க’ மெலிந்து ‘ஹ’ போலக் கேட்கும். அப்படியே பதிவாகிவிடும். ‘ஸ்வ’ என்பதைச் சிங்கள வழக்கில் ‘ஷ்வ’ என்று எழுதுவார்கள். பதினெட்டு வருடம் கழித்து அந்தச் சிங்கள எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் Maheshwari தான் வரும். மொழிபெயர்த்தவர் பிழை விடவில்லை. தனக்கு முன்னால் இருந்த எழுத்தை ஒழுங்காகத்தான் ஆங்கிலமாக்கியிருக்கிறார்.

நானோ சிங்களப் பதிவைப் பார்க்கவே இல்லை. சேர்வு இடாப்பில் தமிழில் இருந்த பெயரை நேரே ஆங்கிலமாக்கினேன். கடைசியில் y போட்டது எங்கள் காலத்து வாத்திமாரின் பழக்கம், அதற்கு வேறு காரணம் கிடையாது. ஒரே பெயர் இரண்டு பாதையால் போய் இரண்டு ஆங்கிலப் பெயராகிவிட்டது. கணேசன், பாலசுந்தரம், தங்கம்மா என்று க, ச, த, ப உள்ள எந்தப் பெயருக்கும் இது நடக்கலாம். ழகரம் உள்ள பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொருத்தமின்மை எந்த வகை என்று பார்க்க வேண்டியது அடுத்தது. மகேஸ்வரியின் விடயத்தில் பெயர் ஒன்றுதான், ஆங்கில எழுத்துத்தான் வேறு. இதற்காகப் பிறப்புப் பதிவில் கை வைக்கத் தேவையில்லை. சிலருக்குத் தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு இடம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரைத்தான் போடுகிறோம். இதை விளக்கி ஒரு கடிதம் கொடுத்தால் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் பதிவில் ஒரு பெயரும் பாடசாலையில் வேறொரு பெயருமாக இருந்தால், அதாவது பதிவில் மகேஸ்வரி, வகுப்பில் செல்வி என்றால், அது எழுத்துப் பிரச்சினை அல்ல. அப்போது பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்குள் போக வேண்டும். பதியும்போதே விடப்பட்ட பிழையைத் திருத்துவது 52 ஆம் பிரிவு. பெயரையே மாற்றுவது 27 ஆம் பிரிவு. இரண்டுக்கும் பிறப்பு பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிழை என்று சொல்வதற்குப் பிறந்த காலத்தை ஒட்டிய பழைய ஆதாரம் கேட்பார்கள். தோட்டத்து ஆட்களிடம் இருக்கக்கூடியது கிளினிக் அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, சேர்வு இடாப்பு. ஆகவே கிளினிக் அட்டையை எறியாதீர்கள்.

இனி, எதைத் திருத்துவது? எங்கள் தாளில் இரண்டு பக்கம் இருந்தது. ஒரு பக்கம் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு. மறு பக்கம் இரண்டு பரீட்சைச் சான்றிதழும் விடுகைப் பத்திரமும். 2017 ஒக்டோபருக்குப் பிறகு வந்த புதிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மகேஸ்வரியின் அட்டை விண்ணப்பத்தை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடைப் பையன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து நிரப்பியிருக்கிறான். பாடசாலையில் யாரும் கவனிக்காமல் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டோம். அதனால் அட்டை மொழிபெயர்ப்பின் பக்கம் போய்விட்டது.

தகப்பன் சொன்னபடி கடவுச்சீட்டைத் திருத்துவதானால் அதற்கு முன் அடையாள அட்டையை மாற்ற வேண்டும். அதற்கு முன் வேறு எழுத்தில் ஒரு மொழிபெயர்ப்பு எடுக்க வேண்டும். அரச பதிவில் உள்ள மூன்று பத்திரம் அசைய வேண்டும். சான்றிதழைத் திருத்தினால் பரீட்சைத் திணைக்களமும் பாடசாலையும் மட்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாளைக்கு எந்த அதிகாரி கேட்டாலும் கடைசியில் போய் நிற்கும் இடம் பிறப்புப் பதிவுதான். அதன் எழுத்தோடு ஒத்துப்போகும் பக்கத்தில் நிற்பதுதான் பாதுகாப்பு. ஆகவே என் எழுத்துத்தான் போக வேண்டும் என்று தகப்பனிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “மகேசுன்னுதானே கூப்பிடுறோம், மஹேசுன்னா யாரு?” என்றார். தமிழில் அவள் மகேஸ்வரிதான், அதை யாரும் மாற்றவில்லை, ஆங்கிலத்தில் மட்டும்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

எல்லோருக்கும் இதே முடிவு சரிவராது. ஒருவருக்கு இன்னும் கடவுச்சீட்டே இல்லை, அடையாள அட்டை ஆங்கிலம் இல்லாத பழைய அட்டை, ஆனால் சான்றிதழ்கள், பட்டம், வேலைக் கடிதம் எல்லாம் ஒரே ஆங்கில எழுத்தில் இருக்கின்றன என்றால், பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கும்போதே அந்தச் சான்றிதழைக் காட்டி அந்த எழுத்தையே கேட்பது நல்லது. சிங்களத்திலோ தமிழிலோ மட்டும் உள்ள பதிவில் ஆங்கில எழுத்து என்று ஒன்று கிடையாது. மொழிபெயர்ப்பு வரும்போதுதான் அது பிறக்கிறது. முதல் கடவுச்சீட்டு எடுக்கும் நேரம்தான் இதற்கு நல்ல நேரம். ஒரு எழுத்தில் கடவுச்சீட்டு வந்து, அதில் விசாவும் குத்தப்பட்டுவிட்டால் பிறகு அசைப்பது கஷ்டம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். 1988 இல் வந்த 16 ஆம் திருத்தத்தின்படி, அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் பதிவேட்டின் பிரதியை அல்லது அதன் மொழிபெயர்ப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெறும் உரிமையை நமக்குத் தருகிறது. கருமபீடத்தில் நின்று சட்டம் பேசச் சொல்லவில்லை. ஆனால் “இங்கே சிங்களத்தில் மட்டும்தான்” என்று யாராவது சொன்னால் அது முடிவான பதில் அல்ல என்று தெரிந்திருக்க வேண்டும்.

பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்துக்குப் போக முன் கோப்பு ஒன்று கட்டினோம். திருத்தம் கேட்டு அவள் கையெழுத்திட்ட கடிதம், அதில் இரண்டு பரீட்சையின் வருடமும் சுட்டெண்ணும். இரண்டு மூலச் சான்றிதழ்கள். பிறப்புச் சான்றிதழும் ஆங்கில மொழிபெயர்ப்பும். அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகள். சேர்வு இடாப்பின் பிரதியை அதிபர் உறுதிப்படுத்தியது. விண்ணப்பம் நிரப்பும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் இடாப்பிலிருந்து எழுதப்பட்டது என்று அதிபரின் கடிதம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் அவள் கொடுத்த சத்தியக் கடதாசி.

சத்தியக் கடதாசியைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. அதை எடுத்தால் பெயர் திருந்திவிட்டது என்று நினைக்கிறார்கள். திருந்தாது. அது ஒரு ஆள் சத்தியம் செய்து கொடுக்கும் விளக்கம் மட்டுமே, எந்தப் பதிவையும் மாற்றாது. சில கல்லூரிகள் அதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடும். அப்படியானால் வேறெதுவும் செய்யத் தேவையில்லை. அதனால் அலைவதற்கு முன் கேட்ட நிறுவனத்துக்கே எழுதி, எது போதும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மகேஸ்வரியின் கல்லூரி, சான்றிதழ் வழங்கிய இடத்தின் திருத்தம்தான் வேண்டும் என்று பதில் அனுப்பியது. திருத்தத்துக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் தவணை தரலாம் என்றும் அதே பதிலில் இருந்தது. அந்த ஒரு வரிதான் பிறகு அவளைக் காப்பாற்றியது.

ஏனென்றால் எங்கள் கோப்பில் ஒரு ஓட்டை இருந்தது. பரீட்சை எழுதிய பிள்ளையும் இந்தப் பிறப்புச் சான்றிதழின் பிள்ளையும் ஒருவரே என்று எதை வைத்துச் சொல்வது? சேர்வு இடாப்பில் பிறப்புச் சான்றிதழ் இலக்கத்துக்கு ஒரு நிரல் இருக்கிறது. மகேஸ்வரியின் வரியில் அது வெறுமையாக இருந்தது. முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது சான்றிதழ் கையில் இல்லை, கிளினிக் அட்டையைக் காட்டிச் சேர்த்தார்கள். சான்றிதழைப் பிறகு கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். யாரும் இலக்கத்தை எழுதவில்லை. தோட்டப் பாடசாலை இடாப்புகளைத் திறந்தால் இந்த நிரலில் வெற்றிடங்கள் வரிசையாக நிற்கும்.

திரும்பி வந்து மீண்டும் தேடினோம். இடாப்பில் பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன் எல்லாம் இருந்தன. பிறப்புச் சான்றிதழிலும் அதே திகதி, அதே பெற்றோர், அதே தோட்டம். கிளினிக் அட்டையைத் தாய் லயத்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பிறந்த ஆஸ்பத்திரியும் திகதியும் இருந்தன. இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஒப்பிட்டு அதிபர் இரண்டாவது கடிதம் எழுதினார். பெயரின் எழுத்து வேறாக இருக்கலாம், ஆனால் திகதி, தாய், தகப்பன், இடம் நான்கும் பொருந்தினால் ஆள் ஒருவர்தான். பெயர் திருத்தத்தில் பெயரைவிட இந்த நான்கும்தான் பேசும். இதில் பிறந்த திகதியும் வேறாக இருந்திருந்தால் எங்கள் கதை இவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்காது.

மொத்தம் இரண்டு பயணம், ஏழு வாரத்துக்குச் சற்று மேல். கல்லூரியின் ஆறு வாரம் அதற்குள் முடிந்துவிட்டது. விண்ணப்பித்த சான்றை அனுப்பி மூன்று வாரத் தவணை வாங்கியிருந்ததால் இடம் தப்பியது. புதிய சான்றிதழ்கள் கைக்கு வந்த அன்றே விடுகைப் பத்திரத்தையும் புதிய எழுத்தில் பாடசாலையில் எடுத்தாள். ஒரு பக்கத்துக்கு மாறினால் எல்லாமே அந்தப் பக்கம் வர வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த வருடம் அது பல்லைக் காட்டும். பழைய சான்றிதழின் போட்டோப் பிரதிகளையும் இனிப் பாவிக்கக் கூடாது.

இதை வாசிப்பவர்களில் வன்னியில் இருக்கும் மலையகக் குடும்பங்கள் பலர் இருப்பீர்கள். 1977 இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 இலும் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் என் சொந்தக்காரரும் உண்டு. 2009 இல் அவர்கள் கையில் இருந்த பத்திரமும் போனது. ஆனால் இங்கே பிறந்தவர்களின் பதிவேடு இங்கேதான் இருக்கிறது. அதைத் தேடுவதிலும் இதே எழுத்துச் சிக்கல்தான் குறுக்கே நிற்கிறது. ‘மகேஸ்வரி’ என்று எழுதி விண்ணப்பித்தால் ‘மஹேஷ்வரி’ என்று இருக்கும் பதிவு கண்ணில் படாமல் போகலாம். என் பெரியம்மா மகன் தன் பதிவைத் தேடியபோது முதல் தடவை இல்லை என்றே பதில் வந்தது. இரண்டாவது தடவை அவருடைய பெயரைச் சிங்களத்தில் எப்படியெல்லாம் எழுதலாம் என்று ஒரு சிங்கள நண்பரிடம் கேட்டு மூன்று விதமாக எழுதிக் கொடுத்தோம். தோட்டத்தின் பழைய பெயரையும், அண்ணனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் சேர்த்தோம். அண்ணனின் பத்திரத்தில் தகப்பன் பெயர் சிங்களத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இவருடையதிலும் இருந்தது. பதிவு கிடைத்தது.

முதல் தடவை கிடைக்கவில்லை என்று உடனே காலங்கடந்த பதிவுக்குப் போயிருந்தால் அவருக்கு இரண்டு பிறப்புப் பதிவு ஆகியிருக்கும். அது எழுத்துப் பிழையைவிடப் பெரிய வில்லங்கம். பழைய பதிவு வெளிவந்தால் எதை வைத்துக் கடவுச்சீட்டு எடுத்தாய் என்ற கேள்வி வரும். நன்றாகத் தேடி, இல்லை என்ற கடிதம் கையில் வந்த பிறகே காலங்கடந்த பதிவைப் பற்றி யோசியுங்கள். அப்படிப் பதியும்போது பிள்ளைகளின் பத்திரங்களில் தகப்பன் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து அந்த எழுத்திலேயே பதியுங்கள்.

மகேஸ்வரிக்கு ஒரு தம்பி. இந்த வருடம் சாதாரண தரம். விண்ணப்பத்தை நிரப்புமுன் அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பரீட்சை அனுமதி அட்டை வந்ததும் அதில் உள்ள பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கவும் சொன்னேன். பிழை இருந்தால் திருத்தத் திணைக்களம் அப்போது ஒரு கால எல்லை அறிவிக்கும். அதற்குள் செய்தால் சில நிமிட வேலை. தகப்பன் போன கிழமை அட்டையோடு வந்தார். RAMAIAH என்று சரியாக இருந்தது. பையனின் பெயரில் ஒரு h கூடுதலாக இருந்தது. அடுத்த நாளே அதிபரிடம் அனுப்பிவைத்தேன்.